விடை சரி, மதிப்பெண் எங்கே? வழிமுறை மதிப்பெண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் விடை முற்றிலும் சரி. ஆனால் 6 மதிப்பெண்ணில் 1 தான் கிடைத்தது. விடை சரியாக இருக்கும்போது எதற்காகக் குறைத்தார்கள்?

குறைக்கவில்லை. நீங்கள் எழுதாத ஐந்தைக் கொடுக்க முடியவில்லை. 6 மதிப்பெண் கேள்வியில் அந்த ஆறும் கடைசி எண்ணுக்கு உரியவை என்று எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். இந்தப் பக்கம் முழுவதும் இதே கேள்வியையே பயன்படுத்துகிறேன்.

*ஒரு செவ்வகத்தின் நீளம் அதன் அகலத்தைவிட 7 செ.மீ. அதிகம். அதன் பரப்பளவு 60 ச.செ.மீ. மூலைவிட்டத்தின் நீளம் என்ன? செய்முறையைக் காட்டுக. (6 மதிப்பெண்)*

அகலத்தை x என்று கொண்டால் நீளம் x + 7. இதற்கு இயல்பாக அமையும் விடைக்குறிப்பு இப்படி இருக்கும்:

```
x(x + 7) = 60                M1
x² + 7x − 60 = 0             A1
(x + 12)(x − 5) = 0          M1
x = 5  (x = −12 பொருந்தாது)    A1
√(5² + 12²)                  M1
13 செ.மீ.                     A1
```

வலப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 13 என்ற விடைக்கு உரியது கடைசி வரியில் உள்ள ஒரே ஒரு மதிப்பெண். மற்ற ஐந்தும் அதற்கு முன்பே, வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. விடைத்தாளில் "13 செ.மீ." என்று மட்டும் இருந்தால், திருத்துபவர் கையில் இருக்கும் பட்டியலில் ஐந்து வரிகளுக்கு எதிரே குறியிட எதுவும் இல்லை. செய்முறையைக் காட்டச் சொன்ன கேள்வி என்பதால், அந்தக் கடைசி ஒன்றைக்கூட வழங்காத விடைக்குறிப்புகள் உண்டு.

M1, A1 என்றெல்லாம் போட்டிருக்கிறதே, அவை என்ன?

M என்பது வழிமுறை மதிப்பெண். சரியான வழியை இந்தக் கேள்வியின் எண்களுக்குப் பொருத்திச் செயல்படுத்த முயன்றதற்குக் கிடைப்பது. A என்பது துல்லிய மதிப்பெண். அந்த வழியில் சென்று சரியான மதிப்பை அடைந்ததற்குக் கிடைப்பது. வழியையோ முந்தைய படியையோ சாராமல் தனித்து நிற்கும் ஒரு செய்திக்கு B என்ற குறியும் உண்டு. எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண், எத்தனை மதிப்பெண் என்பதைச் சொல்கிறது. கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வுகளின் கணித விடைக்குறிப்புகளில் இந்த மூன்றையும் காணலாம். ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் தேர்வுகளில் காரணம் சொல்வதற்கென்று R என்ற குறியும் இருக்கிறது. இந்த எழுத்துகளைப் பயன்படுத்தாத தேர்வுகளிலும், படிப்படியாக மதிப்பெண் பிரித்துத் தரும் இடங்களில் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

இவற்றுக்கு இடையே உள்ள ஓர் உறவைத்தான் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். A மதிப்பெண் அதற்குரிய M மதிப்பெண்ணைச் சார்ந்தது. M கிடைக்காத இடத்தில் A பொதுவாகக் கிடைக்காது. ஆனால் A போனாலும் M நிற்கும். கூட்டலில் ஒரு சிறு தவறு செய்தால் A மட்டும் போகும், வழிக்கு உரியது உங்களிடமே இருக்கும். வழியே கண்ணில் படவில்லை என்றால் M போகும், அதனோடு சேர்ந்து A-யும் போகும். சரியான விடைக்கு மதிப்பெண் மறுக்கப்படுவது இந்தச் சார்பினால்தான்.

"சூத்திரத்தை எழுதினால் M1 கிடைத்துவிடும்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பெரும்பாலான விடைக்குறிப்புகளில் கிடைக்காது. பிதாகரஸ் தேற்றத்தை a² + b² = c² என்று எழுதி நிறுத்தினால், அது எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம் மட்டுமே. இந்தச் செவ்வகத்தின் பக்கங்களை அதில் இட்ட பிறகுதான் அது வழிமுறை ஆகிறது.

என் நண்பன் விடையைத் தவறாக எழுதிவிட்டு 4 மதிப்பெண் வாங்கியிருக்கிறான். சரியாக எழுதிய எனக்கு 1. இது தலைகீழாக இல்லையா?

அவர் விடைத்தாளில் இப்படி இருந்திருக்கலாம்:

```
x(x + 7) = 60
x² + 7x − 60 = 0
(x − 12)(x + 5) = 0
x = 12, நீளம் 19
√(12² + 19²) = √505
22.5 செ.மீ.
```

மூன்றாவது வரியில் குறிகள் இடம் மாறிவிட்டன. திருத்துபவர் மேலிருந்து வருகிறார். சமன்பாடு சரி, M1. வடிவம் சரி, A1. காரணிப்படுத்த முயன்றிருக்கிறார், −12-ஐயும் 5-ஐயும் பெருக்கினால் −60 வருகிறது, நடு உறுப்பின் குறி மட்டுமே பிசகியிருக்கிறது. ஆகவே வழிக்கு M1. x = 12 தவறு, A0. அடுத்து, தன்னிடம் இருந்த 12, 19 என்ற பக்கங்களைப் பிதாகரஸ் தேற்றத்தில் சரியாக இட்டிருக்கிறார், M1. 22.5 தவறு, A0. மொத்தம் 4.

ஐந்தாவது வரிக்கு மதிப்பெண் கிடைத்ததைக் கவனியுங்கள். முன்னால் நிகழ்ந்த பிழையால் எண்கள் தவறாக இருந்தாலும், அந்த எண்களைக்கொண்டு அடுத்த படி சரியாகச் செய்யப்பட்டதா என்று பார்க்கிறார்கள். ஒரே பிழைக்கு இரண்டு முறை தண்டிக்கக்கூடாது என்பதே இதன் காரணம். சில விடைக்குறிப்புகளில் FT என்ற குறியோடு, இவ்வாறு தொடர்ந்து வரும் தவறான விடைக்கே துல்லிய மதிப்பெண்ணும் தருவார்கள்.

இனி உங்கள் தாளை அவருடையதோடு ஒப்பிடுங்கள். சமன்பாடு அமைக்கத் தெரியும், இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி தெரியும், செங்கோண முக்கோணத்தைக் காணத் தெரியும் என்பதற்கு அவர் தாளில் சான்று இருக்கிறது. உங்கள் தாளில் ஓர் எண் இருக்கிறது. உங்களுக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். திருத்துபவரும் அப்படி நினைக்கக்கூடும். ஆனால் நினைப்பதற்கு மதிப்பெண் போட அவருக்கு அதிகாரம் இல்லை.

சரியான விடையே எனக்கு வழி தெரியும் என்பதற்குச் சான்று அல்லவா? தெரியாமல் 13 எப்படி வரும்?

வரும். பல வழிகளில் வரும். 5, 12, 13 என்பது மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் செங்கோண முக்கோணம். மூலைவிட்டம் என்ற சொல்லையும் 60-ஐயும் பார்த்தவுடன் 13 என்று எழுத முடியும். பக்கத்து மேசையிலிருந்தும் அந்த எண் வரலாம். இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. ஒருவர் x(x + 7) = 60 என்று எழுதிவிட்டு, "60 = 5 × 12, ஆகவே x = 5 அல்லது x + 7 = 12" என்று போகிறார். இரண்டுமே x = 5 என்று தருகின்றன. விடை சரி, தர்க்கம் பிழை. ஒரு பெருக்கலின் மதிப்பு பூஜ்யமாக இருக்கும்போது மட்டுமே காரணிகளைத் தனித்தனியே பிரித்து முடிவு சொல்லலாம். 60-க்கு அது பொருந்தாது. 3 × 20 ஏன் இல்லை என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. −12 என்ற இன்னொரு மூலம் இருப்பதும் அவருக்குத் தெரியவில்லை.

இவர்களோடு, முழுவதையும் மனத்திலேயே ஒழுங்காகச் செய்துமுடித்த மாணவரும் இருக்கிறார். எல்லோர் தாளிலும் இருப்பது ஒரே எண். தாளை வைத்து இவர்களைப் பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

அப்படியென்றால் சில கேள்விகளில் விடையை மட்டும் எழுதினாலும் முழு மதிப்பெண் கிடைக்கிறதே?

ஆம், கிடைக்கிறது. செய்முறை கேட்கப்படாத கேள்விகளில், சரியான விடை வந்திருந்தால் வழியும் சரியாகத்தான் இருந்திருக்கும் என்று கொள்வதற்கு விடைக்குறிப்பிலேயே இடம் வைத்திருப்பார்கள். ஐ.பி. விடைக்குறிப்புகளில் (M1) என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்த வரி எழுதப்படாமலேயே அதற்குப் பின்வரும் சரியான வேலையிலிருந்து உணர்ந்து மதிப்பெண் தரலாம். அடைப்புக்குறி இல்லாத M1 என்றால் அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். தேர்வு எழுதுபவருக்கு அடைப்புக்குறி தெரியாது. அவருக்குத் தெரிவது கேள்வியில் உள்ள சொற்கள் மட்டும். "செய்முறையைக் காட்டுக", "சமன்பாடு அமைத்துத் தீர்க்க", "நிறுவுக" போன்றவை இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்று கொள்ளுங்கள்.

சலுகை இருக்கும் கேள்வியிலும் ஓர் ஆபத்து உண்டு. சரியான விடையிலிருந்து வழியை உணரலாம், தவறான விடையிலிருந்து உணர்வது மிகக் கடினம். வெறும் "13" என்பதற்கு முழு மதிப்பெண் கிடைக்கக்கூடிய அதே கேள்வியில் வெறும் "22.5" என்பதற்குக் கிடைப்பது பூஜ்யம். மேலே சொன்ன நண்பர் தன் வரிகளை எழுதாமல் இருந்திருந்தால் அவருடைய நான்கும் இல்லை. எழுதும்போது உங்கள் விடை சரியா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாது அல்லவா?

தவறு செய்தாலும் பரவாயில்லை, எதையாவது எழுதினால் மதிப்பெண் வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பிழையின் தன்மையைப் பொறுத்துத்தான் எல்லாம். இன்னொரு தாளைப் பாருங்கள்:

```
x + (x + 7) = 60
2x = 53
x = 26.5, நீளம் 33.5
√(26.5² + 33.5²) = 42.7
```

இங்கே பரப்பளவு என்பது பக்கங்களின் கூடுதலாகிவிட்டது. இது கணக்கிடுவதில் நேர்ந்த சறுக்கல் இல்லை, கருத்திலேயே பிழை. முதல் M1 இல்லை, அதைச் சார்ந்த A1-உம் இல்லை. இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு உரிய M1-உம் கிடைக்காது, ஏனெனில் தீர்க்க இருபடிச் சமன்பாடே இல்லை. பிழை கேள்வியை எளிதாக்கிவிட்டது. மீதமிருப்பது பிதாகரஸ் வரிக்கான M1 ஒன்றுதான். நான்கு வரி எழுதி ஒரு மதிப்பெண்.

பிழைக்குப் பிறகும் கணக்கு அதே கடினத்தோடு தொடர்கிறதா என்பதே இங்கே அளவுகோல். கேள்வித்தாளிலிருந்து எண்ணைத் தவறாக எடுத்து எழுதுவதற்கும் இது பொருந்தும். 60-க்குப் பதில் 30 என்று எழுதிவிட்டால் x² + 7x − 30 = 0, x = 3, நீளம் 10, மூலைவிட்டம் √109 என்று கணக்கு அதே உழைப்போடு நடக்கிறது. வழிமுறை மதிப்பெண்கள் நிற்கும், துல்லிய மதிப்பெண்ணில் ஒன்றோ இரண்டோ குறையும். அதுவும், 30 என்று எடுத்து எழுதியது தாளில் தெரிந்தால் மட்டுமே. வெறும் 10.4 என்ற விடையைப் பார்த்து "ஓ, 60-ஐ 30 என்று படித்துவிட்டார்" என்று கண்டுபிடிக்க யாரால் முடியும்?

பாடப்புத்தகத்தில் இல்லாத வழியில் செய்தேன். விடைக்குறிப்பில் அந்த வழி இல்லை என்றால் பூஜ்யமா?

இல்லை. நல்ல விடைக்குறிப்புகள் மாற்று வழிகளை ஏற்கின்றன, சில வழிகளுக்குத் தனியாக மதிப்பெண் பகுப்பையும் தந்திருக்கும். நம் கேள்விக்கே மிக அழகான குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. நீளம் l, அகலம் w என்று கொள்ளுங்கள்.

```
l² + w² = (l − w)² + 2lw
        = 7² + 2 × 60
        = 169
மூலைவிட்டம் = 13 செ.மீ.
```

பக்கங்களைக் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. இருபடிச் சமன்பாடும் இல்லை. இதை எழுதியவருக்கு 6 மதிப்பெண்ணும் தர வேண்டும், எனக்கு அதில் ஐயமே இல்லை. கேள்வியில் "சமன்பாடு அமைத்து அகலத்தைக் காண்க" என்று கேட்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு.

இந்த வழியைக் கண்டவருக்குத்தான் எழுதாமல் விடும் ஆசையும் அதிகம், 49-ஐயும் 120-ஐயும் மனத்திலேயே கூட்டிவிடலாம் என்பதால். அவர் 13 என்று மட்டும் எழுதினால் வகுப்பிலேயே சிறந்த சிந்தனையும் மனப்பாடம் செய்தவரின் ஊகமும் ஒரே மதிப்பெண் பெறுகின்றன. திருத்தும் மேசையில் என்னை மிகவும் வருத்துவது இத்தகைய தாள்கள்தான். வழி எவ்வளவு புதியதோ அவ்வளவு தெளிவாக எழுதுங்கள். பழகிய வழியில் ஒரு வரி விடுபட்டால் திருத்துபவர் ஊகித்துக்கொள்வார். புதிய வழியில் அவரால் அது முடியாது.

முயன்று பார்த்துக் கண்டவர்களுக்கும் ஒரு சொல். 5 × 12 = 60, 12 − 5 = 7 என்று இரண்டு நிபந்தனைகளும் பொருந்துவதைக் காட்டிவிட்டுத் தொடருங்கள். வழியை வற்புறுத்தாத கேள்விகளில் இது செல்லுபடியாகும் செய்முறை.

கால்குலேட்டரே இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்துக்கொடுக்கிறது. பிறகு எதை எழுதுவது?

சமன்பாட்டையும், மூலங்களைப் பெற்ற வழியையும். x² + 7x − 60 = 0 என்ற வரிக்குப் பிறகு நேராக x = 5, −12 என்று வந்தால், இயற்கணித முறையில் தீர்க்கச் சொன்ன கேள்வியில் அங்கே உள்ள M1 கேள்விக்குறிதான். எண்களை இட்ட சூத்திரத்தை ஒரு வரியில் எழுதினால் போதும்:

```
x = (−7 ± √(7² − 4 × 1 × (−60))) / 2
  = (−7 ± 17) / 2
```

இதில் −60-இன் குறியை விட்டுவிட்டால் வர்க்கமூலத்துக்குள் 49 − 240 என்று எதிர் எண் வந்து நிற்கும், அங்கேயே பிழை உங்களுக்குத் தெரிந்துவிடும். கருவியின் பொத்தானை மட்டும் நம்பினால், குறியைத் தவறாக அழுத்தியதற்கு எந்தத் தடயமும் தாளில் இராது.

என் மகள் எல்லாவற்றையும் மனத்திலேயே செய்துவிடுகிறாள். ஒவ்வொரு கூட்டலையும் எழுதச் சொன்னால் நேரம் போதாது என்கிறாள். எந்த அளவு எழுதினால் போதும்?

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 5² = 25, 12² = 144, 25 + 144 = 169 என்று எழுதுவதற்குத் தனி மதிப்பெண் எதுவும் இல்லை. கணக்கின் போக்கு மாறும் இடங்களில் மட்டும் ஒரு வரி வேண்டும். சொற்களில் இருந்த செய்தி சமன்பாடாக மாறும் இடம், சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்கும் இடம், மூலங்களில் ஒன்றைத் தள்ளும் இடம், வடிவியலுக்குத் திரும்பும் இடம். நம் கேள்வியில் எண்ணிப்பார்த்தால் ஆறே வரிகள்தான். மேலே கொடுத்த விடைக்குறிப்பே ஏறக்குறைய அவள் எழுத வேண்டிய முழு விடை.

அதோடு இன்னொன்று, "அகலம் = x" என்ற குறிப்பு. இது இல்லாமல் x(x − 7) = 60 என்று ஒருவர் எழுதினால், x என்பது நீளம் என்றால் சரி, அகலம் என்றால் தவறு. திருத்துபவர் ஊகிக்க வேண்டியிருக்கும். −12-ஐ வெறுமனே எழுதாமல் விடுவதும் இதைப் போன்றதுதான். "நீளம் எதிர் எண்ணாக இருக்காது" என்று இரண்டு மூன்று சொற்களில் தள்ளிவிட்டால், அவள் அதைக் கண்டாள், காரணத்தோடு விலக்கினாள் என்பது தெரியும்.

"மூலைவிட்டம் 13 செ.மீ. எனக் காட்டுக" என்று கேட்டால் எப்படி மதிப்பெண் தருவார்கள்?

அப்போது 13-க்கு மதிப்பெண்ணே கிடையாது. அது கேள்வியிலேயே தரப்பட்டுவிட்டது. ஐ.பி. விடைக்குறிப்புகள் இத்தகைய கடைசி வரிக்கு எதிரே AG என்று குறிக்கின்றன, அதற்கு மதிப்பெண் இல்லை என்று பொருள். அனைத்தும் இடையில் உள்ள வரிகளுக்கே. மற்றக் கேள்விகளில் விட்டுவிடக்கூடிய √(5² + 12²) என்ற வரியை இங்கே விட்டால் தப்ப முடியாது. 13-ஐ எடுத்துக்கொண்டு பின்னோக்கிச் சென்று, "169 = 25 + 144, ஆகவே பக்கங்கள் 5, 12" என்று முடிப்பதும் ஏற்கப்படாது. நிறுவ வேண்டியதையே தொடக்கமாகக் கொண்டுவிடுகிறது அது.

செய்ததை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். அடித்ததைப் பார்ப்பார்களா?

அடித்துவிட்டு அதற்குப் பதிலாக வேறொன்றை எழுதியிருந்தால், பொதுவாகப் புதியதைத்தான் பார்ப்பார்கள். அடித்துவிட்டு வெற்றிடமாக விட்டிருந்தால், படிக்க முடிகிற வரையில் அடித்ததையும் மதிப்பிடும் விதி பல தேர்வுகளில் உண்டு. ஆகவே மாற்று எழுதி முடிக்கும்வரை அடிக்காதீர்கள். அடிப்பதென்றால் ஒற்றைக் கோடு போதும், கிறுக்கி மறைக்க வேண்டாம். இரண்டு வெவ்வேறு விடைகளை அடிக்காமல் அப்படியே விடுவது மட்டும் கூடாது. எது உங்களுடைய விடை என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் திருத்துபவரிடம் விட்டால், அது உங்களுக்குச் சாதகமாக முடியும் என்று எதிர்பார்க்க இயலாது.

திருத்திய தாள் கைக்கு வந்திருக்கிறது. வழிமுறை மதிப்பெண்ணை விட்டுவிட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்தத்தைப் பார்க்காமல் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். முதல் தவறு எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு மேலே உள்ள M, A அனைத்தும் கிடைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே, உங்களுடைய தவறான எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் மீண்டும் செய்து பாருங்கள். உங்கள் விடையே மீண்டும் வந்தால், அங்கே உள்ள M மதிப்பெண்களும் பெரும்பாலும் உங்களுக்கு உரியவை. தவறைக் கண்டதும் கோடு போட்டு, கீழே உள்ளதைப் படிக்காமல் விட்டிருந்தால் இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

ஆசிரியரிடம் கேட்கும்போது "என் விடை சரிதானே" என்று தொடங்காமல், "√(12² + 19²) என்ற இந்த வரிக்கு வழிமுறை மதிப்பெண் உண்டா ஐயா" என்று வரியைச் சுட்டிக் கேளுங்கள். அவரால் உடனே பார்த்துச் சொல்ல முடியும்.